விளக்கு எரிகிறது, பால் திரிகிறது

ஃபிரிட்ஜ் கூலிங் ஆகவில்லை என்று மெக்கானிக்குக்கு போன் செய்தால், அவர் முதலில் கேட்பது "உள்ளே லைட் எரியுதா?" என்றுதான். எரிகிறது என்றால், "அப்போ கரன்ட் வருது, கேஸ்தான் போயிருக்கும்" என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுகிறவர்களும் உண்டு. விளக்கு எரிவதை வைத்து மின்சாரம் வருகிறது என்று மட்டுமே சொல்லலாம். கம்ப்ரசர் புறப்படுவதற்குப் போதுமான மின்சாரம் வருகிறதா என்பது வேறு கேள்வி.

விளக்கே எரியவில்லை என்றால் வேலை சுலபம். அதே பிளக் பாயின்ட்டில் ஒரு டேபிள் ஃபேனை மாட்டிப் பாருங்கள். அது ஓடாவிட்டால் கோளாறு சுவரில்; ஃபிரிட்ஜைக் குறை சொல்ல வேண்டாம். ஃபேன் ஓடி, ஃபிரிட்ஜில் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் வயர், பிளக், ஸ்டெபிலைசர் ஆகியவற்றில் தேடலாம். விளக்கு மட்டும் எரியாமல் உள்ளே குளிர்ச்சி இருந்தால், போனது பல்பு அல்லது கதவு சுவிட்ச்.

விளக்கு எரிந்தும் குளிராத ஃபிரிட்ஜில்தான் குழப்பம் வருகிறது. எல்.இ.டி. விளக்குக்குச் சில வாட் போதும். 170 வோல்ட்டில்கூடப் பெரும்பாலும் பளிச்சென்று எரியும். கம்ப்ரசர் மோட்டார் அப்படியல்ல. நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்க அதற்கு ஒரு உந்துவிசை வேண்டும். அந்த விசை, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 170 வந்தால் வோல்டேஜ் குறைந்தது கால் பங்குதான். புறப்படும் விசையோ ஏறக்குறைய பாதியாகிவிடும். மோட்டார் திணறும். சுழலாத மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட்டை இழுத்துச் சூடாகும். அது கருகிவிடாமல் காப்பாற்றத்தான் கம்ப்ரசரின் பக்கவாட்டில் 'ஓவர்லோடு' என்ற சிறு பாகம் இருக்கிறது. சூடு ஏறினால் அதற்குள் இருக்கும் உலோகத் தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கும்; ஆறியதும் மறுபடி சேர்க்கும்.

இதைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால் கேட்கலாம். இரவு வீடு அடங்கிய பிறகு ஃபிரிட்ஜின் பின்பக்கம் காதைக் கொடுத்தால், சில விநாடி 'ம்ம்ம்' என்ற முனகல், பிறகு 'டிக்', பிறகு அமைதி. சில நிமிடம் கழித்து மறுபடி முனகல், மறுபடி டிக். கம்ப்ரசர் புறப்பட முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கேஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. (கரன்ட் போய் உடனே வந்தால் ஓரிரு முறை இப்படிக் கேட்பது இயல்பு. குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் சமமாகச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை மோட்டாரால் எதிர் அழுத்தத்தைத் தள்ளிப் புறப்பட முடியாது. ஸ்டெபிலைசர் உடனே ஆன் ஆகாமல் காத்திருப்பதும் இதனால்தான்.)

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். மே மாதம், தெருவெல்லாம் ஏசி ஓடுகிறது. 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், ஸ்டெபிலைசர் கிடையாது. இரவு வைத்த பால் காலையில் திரிந்துவிடுகிறது, ஆனால் மதியத்தில் தண்ணீர் பாட்டில் ஜில்லென்று இருக்கிறது. இந்த ஒரு தகவலே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. கேஸ் கசிந்திருந்தால் அதற்குப் பகல் இரவு தெரியாது. எந்நேரமும் கூலிங் குறைந்திருக்கும். நேரம் பார்த்து வரும் கோளாறு என்றால் முதலில் கரன்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு சீலிங் ஃபேன் தளர்ந்து சுற்றுகிறதா என்று கவனித்தால் சந்தேகம் வலுக்கும். எலக்ட்ரீசியன் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்: இரவில் 168 வோல்ட், காலையில் 228. முனகலும் டிக்கும் இரவில் மட்டும். இந்த வீட்டுக்குத் தேவை ஸ்டெபிலைசரும் மின்வாரியத்தில் ஒரு புகாரும்தான். காலையில் 228 வோல்ட் இருக்கும்போதும் அதே டிக் கேட்டிருந்தால் கதை வேறு: ஸ்டார்ட் ரிலே போயிருக்கலாம், அல்லது கம்ப்ரசரே இறுகியிருக்கலாம்.

சத்தமே இல்லையென்றால் தெர்மோஸ்டாட் திருகைப் பாருங்கள். பாத்திரம் இடித்து அது பூஜ்யத்துக்குப் போயிருந்தால் விளக்கு எரியும், கம்ப்ரசர் ஓடாது. சில ஃபிரிட்ஜ்களில் அதன் நடுவே இருக்கும் டீஃப்ராஸ்ட் பொத்தானை யாராவது அழுத்தியிருந்தாலும், ஐஸ் உருகும்வரை இதே கதைதான். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ளவற்றில் சத்தம் மிக மெல்லியது. காதை நம்பாமல், உடல் அதிர்கிறதா என்று கை வைத்துப் பார்ப்பது நல்லது.

சரி, கம்ப்ரசர் விடாமல் ஓடுகிறது, உள்ளே மட்டும் குளிர்ச்சி இல்லை. இப்போதுதான் கூலிங் பக்கம் வருகிறோம். ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. எனவே அது வேலை செய்கிறதா என்பதற்கு வெளியே சாட்சி இருக்கும். பழைய ஃபிரிட்ஜில் பின்னால் இருக்கும் கறுப்புக் கம்பி வலையும், புதியவற்றில் பெரும்பாலும் பக்கச் சுவர்களும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அரை மணி நேரம் கம்ப்ரசர் ஓடியும் அவை அறையின் சூட்டிலேயே இருந்தால் வெப்பம் இடம் மாறவில்லை. கேஸ் போயிருக்கலாம், அல்லது கம்ப்ரசர் சுழன்றும் அழுத்தம் கொடுக்காமல் இருக்கலாம். கேஸ் கொஞ்சம் மட்டும் குறைந்திருந்தால் ஃப்ரீசர் காட்டிக்கொடுக்கும்: பனி எங்கும் ஒரே சீராகப் படியாமல் ஒரு மூலையில் மட்டும் திட்டாக நிற்கும். மாறாக, பக்கச் சுவர் கை வைக்க முடியாதபடி கொதித்தால் கேஸ் இருக்கிறது, வெப்பம் வெளியேறத்தான் வழியில்லை. ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பீர்கள். கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் ஒரு பொல்லாத கோளாறு உண்டு. மேலே ஐஸ்கிரீம் கல்லாக இருக்கும், கீழே காய்கறி வாடும். மறைவாக இருக்கும் காயிலின் மேல் பனி மண்டி, குளிர்காற்று கீழே இறங்கும் வழியை அடைத்துவிடுவதே பெரும்பாலும் காரணம். பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு மறுபடி போடுங்கள். சில நாள் நன்றாக ஓடிப் பிறகு பழைய கதை திரும்பினால், பனியை உருக்கும் ஹீட்டரோ அதன் சென்சாரோ பழுது. பார்க்க கூலிங் கோளாறு போலிருக்கும். உண்மையில் உள்ளுக்குள் நடந்த மின் கோளாறு. இதற்கும் கேஸ் நிரப்பிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

காது, கை, கண் மூன்றோடு உங்கள் சோதனையை நிறுத்திக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் மூடியைத் திறக்க வேண்டாம். இப்போதைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ கேஸ் தீப்பற்றக்கூடியது. தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

மெக்கானிக் வந்ததும் "கூலிங் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். டிக் சத்தம் எப்போது கேட்டது, பக்கச் சுவர் சூடாக இருந்ததா, பனி எங்கே படிந்தது என்று சொல்லுங்கள். அதையும் மீறி கேஸ்தான் என்றால், கசிவு எந்த இடத்தில் என்று காட்டச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் கேஸ் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்வதில்லை, கசிந்தால்தான் குறையும். கசிவை அடைக்காமல் நிரப்பிய கேஸ் அதே வழியில் மறுபடியும் போய்விடும்.