மாதத் தொடக்கமா, மாதக் கடைசியா? ஒரு தவணை செய்யும் வேறுபாடு

மாதாமாதம் ஒரே தொகையை, ஒரே வட்டிக்கு, ஒரே காலத்துக்கு இருவர் சேமிக்கிறார்கள். ஒருவர் மாதம் பிறந்ததும் கட்டிவிடுகிறார். மற்றவர் செலவெல்லாம் முடிந்தபின் மாதக் கடைசியில் கட்டுகிறார். இருவரும் கட்டும் மொத்த அசல் ஒன்றுதான். ஆனால் முதிர்வின்போது முதலாமவர் கையில் கூடுதல் பணம் இருக்கும். அது எவ்வளவு, எங்கிருந்து வருகிறது என்பதைத் துல்லியமாகக் கணக்கிட்டுவிடலாம். அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.பி.எஃப். மாதத்தின் எந்த நாளில் பணம் கட்டப்படுகிறது என்பதை இத்திட்டத்தின் வட்டி விதியே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

5ஆம் தேதி விதி

1968இல் தொடங்கப்பட்ட பி.பி.எஃப். திட்டத்தில் ஒரு நிதியாண்டில் குறைந்தது 500 ரூபாயும் அதிகபட்சம் 1,50,000 ரூபாயும் கட்டலாம். 2020 ஏப்ரல் முதல் இதன் வட்டி ஆண்டுக்கு 7.1 சதவீதம். வட்டி மாதந்தோறும் கணக்கிடப்பட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31ஆம் தேதிதான் கணக்கில் சேர்க்கப்படும்.

மாத வட்டியைக் கணக்கிட ஓர் அளவுகோல் உண்டு. 5ஆம் தேதி முடிவில் தொடங்கி மாதத்தின் கடைசி நாள் வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்பு எதுவோ, அதற்கு மட்டுமே அந்த மாதத்துக்கான வட்டி உண்டு. 5ஆம் தேதிக்குள் வந்து சேரும் தவணை அந்தக் குறைந்த இருப்பில் அடங்கிவிடும். 6ஆம் தேதி வரும் தவணை அடங்காது. எனவே 6ஆம் தேதி கட்டினாலும் 30ஆம் தேதி கட்டினாலும் அந்த மாதத்துக்கு அந்தத் தவணைக்கு வட்டி இல்லை. பி.பி.எஃப்.பைப் பொறுத்தவரை மாதத் தொடக்கம் என்பது முதல் ஐந்து நாள். மற்ற எல்லா நாளும் மாதக் கடைசிதான்.

முதல் ஆண்டின் கணக்கு

உச்சவரம்பான 1,50,000 ரூபாயை மாதம் 12,500 ரூபாயாகப் பிரித்துக் கட்டுவதாகக் கொள்வோம். தவணை 5ஆம் தேதிக்குள் விழுந்தால், ஏப்ரல் தவணைக்கு 12 மாத வட்டி, மே தவணைக்கு 11 மாத வட்டி என்று குறைந்துகொண்டே வந்து, மார்ச் தவணைக்கு ஒரு மாத வட்டி கிடைக்கும். 12 முதல் 1 வரை கூட்டினால் 78. அதாவது 12,500 ரூபாய்க்கு 78 மாத வட்டி: 5,768 ரூபாய் 75 காசு.

மாதக் கடைசியில் கட்டினால் ஏப்ரல் தவணைக்கு 11 மாதம், மே தவணைக்கு 10 மாதம் என்று இறங்கி, மார்ச் தவணைக்கு எதுவும் இல்லாமல் போகும். கூட்டுத்தொகை 66. வட்டி 4,881 ரூபாய் 25 காசு.

வேறுபாடு 887 ரூபாய் 50 காசு. 78க்கும் 66க்கும் இடையிலுள்ள 12 மாதங்களே இந்த வேறுபாடு. பன்னிரண்டு தவணைகளும் தலைக்கு ஒரு மாத வட்டியை இழந்தன. எல்லாம் சேர்ந்து ஒரு தவணைக்கு ஓராண்டு வட்டி ஆயின.

15 ஆண்டுகளில்

கணக்கு தொடங்கிய நிதியாண்டு முடிந்ததிலிருந்துதான் பி.பி.எஃப்.பின் 15 ஆண்டு எண்ணப்படும். இங்கே கணக்கு எளிதாக இருப்பதற்காக 15 நிதியாண்டுகள் மட்டும் கட்டுவதாகவும், வட்டி 7.1 சதவீதமாகவே நீடிப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். இருவரும் கட்டும் அசல் 22,50,000 ரூபாய்.

5ஆம் தேதிக்குள் கட்டியவருக்கு முடிவில் சுமார் 39,44,600 ரூபாய் சேரும். மாதக் கடைசியில் கட்டியவருக்குச் சுமார் 39,22,125 ரூபாய். வேறுபாடு ஏறத்தாழ 22,475 ரூபாய்.

15 ஆண்டில் 180 தவணைகள் கட்டப்படுகின்றன. எனவே 180 தாமதங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து இந்த 22,475 ரூபாயை உண்டாக்கியதாகத் தோன்றும். உண்மை அதைவிட எளிமையானது.

ஏப்ரல் 30ஆம் தேதி கட்டும் தவணைக்கும் மே 4ஆம் தேதி கட்டும் தவணைக்கும் மே மாதத்திலிருந்துதான் வட்டி. இரண்டும் ஒரே பலனைத் தருகின்றன. அப்படியானால், மாதக் கடைசியில் கட்டுபவரின் முதல் தவணையும் மாதத் தொடக்கத்தில் கட்டுபவரின் இரண்டாம் தவணையும் சமம். அவருடைய இரண்டாவது இவருடைய மூன்றாவதுக்குச் சமம். இப்படியே அவருடைய 179ஆவது தவணை இவருடைய 180ஆவதுக்குச் சமம். 179 தவணைகள் ஒன்றுக்கொன்று நேராகிவிடுகின்றன. மிஞ்சுவது இரண்டே: தொடக்கத்தில் கட்டுபவரின் முதல் தவணையும், கடைசியில் கட்டுபவரின் இறுதித் தவணையும்.

அந்த முதல் தவணை முழுதாக 15 ஆண்டு கூட்டு வட்டியில் வளர்ந்து, 12,500 ரூபாய் சுமார் 34,975 ரூபாய் ஆகிறது. அந்த இறுதித் தவணை கட்டிய கையோடு கணக்கு முதிர்வதால் 12,500 ரூபாயாகவே நிற்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 22,475 ரூபாய். மேலே நீண்ட கணக்கில் வந்த அதே தொகை. மாதத் தொடக்கத்தில் கட்டுவதன் முழு ஆதாயமும், ஒரே ஒரு தவணை 15 ஆண்டுகளில் ஈட்டும் வட்டிதான்.

ரூபாய் வளரும், விகிதம் வளராது

22,475 ரூபாய் சிறிய தொகையல்ல. ஆனால் 39 லட்சத்துக்கு மேற்பட்ட இருப்பில் அது 0.57 சதவீதம் மட்டுமே. 7.1 சதவீதத்தை 12ஆல் வகுத்தால் ஒரு மாத வட்டி 0.59 சதவீதம். இரண்டும் நெருங்கி நிற்பது தற்செயல் அன்று. மாதந்தோறும் வட்டியை அசலோடு சேர்க்கும் கணக்கில் இது இன்னும் துல்லியமாக இருக்கும்: தொடக்கத்தில் கட்டுபவரின் இருப்பு, கடைசியில் கட்டுபவரின் இருப்பைவிடச் சரியாக ஒரு மாத வட்டி விகிதம் அளவுக்கு அதிகம். ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் அந்த வேறுபாடு அரை சதவீதம். சேமிப்பு ஓராண்டு நீடித்தாலும் இருபது ஆண்டு நீடித்தாலும் அதே அரை சதவீதம்தான். காலம் நீளும்போது ரூபாய்க் கணக்கில் வேறுபாடு பெருகுவது, இருப்பே பெருகுவதால்.

ஆண்டுத் தவணைக்கும் இதே விதி பொருந்தும். அங்கே தாமதம் ஒரு மாதமல்ல, ஓராண்டு. 1,50,000 ரூபாயை ஆண்டுதோறும் ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் மொத்தமாகக் கட்டினால் 15 ஆண்டில் சுமார் 40,68,200 ரூபாய் சேரும். வரிச்சலுகைக்காக மார்ச் மாதம்வரை காத்திருந்து, கடைசி வாரத்தில் கட்டினால் சுமார் 37,98,500 ரூபாய். இந்த வேறுபாடு 2,69,700 ரூபாய்க்கு அருகில் வருகிறது. மாதத்தின் எந்த நாள் என்பதைவிட ஆண்டின் எந்த மாதம் என்பது பன்னிரண்டு மடங்கு முக்கியம்.

இடையில் மாறிக்கொள்ளும் வழி

பல ஆண்டுகளாக மாதக் கடைசியில் கட்டிவருபவர் மாதத் தொடக்கத்துக்கு மாற முடியும். அதற்கு ஒரே ஒருமுறை இரண்டு தவணைகளைச் சில நாள் இடைவெளியில் கட்ட வேண்டியிருக்கும். மார்ச் 28ஆம் தேதி ஒரு தவணை, ஏப்ரல் 3ஆம் தேதி அடுத்த தவணை. அதற்குப்பின் மாதம் ஒன்றுதான். அந்த ஒரு தவணை மீதமுள்ள காலமெல்லாம் வட்டி ஈட்டும். முதிர்வுக்கு ஐந்தாண்டு இருக்கும்போது மாறினால், 12,500 ரூபாய் தவணையில் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 5,114 ரூபாய்.

சம்பளமே 7ஆம் தேதிதான் வருகிறது என்றால், அன்றே அவசரமாகக் கட்டுவதில் பயனில்லை. அந்தப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்து அடுத்த மாதம் 3ஆம் தேதி கட்டினாலும் பி.பி.எஃப். வட்டியில் ஒரு காசும் குறையாது. இடையில் சேமிப்புக் கணக்கின் வட்டியும் கிடைக்கும். ஆனால் மார்ச் மாதத் தவணையை அப்படித் தள்ளினால் அது அடுத்த நிதியாண்டின் உச்சவரம்பில் சேர்ந்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எங்கே தவறுகிறது, எப்படித் தெரிந்துகொள்வது

கணக்கில் வரவு வைக்கப்பட்ட நாள்தான் முக்கியம். 4ஆம் தேதி காசோலை கொடுத்து, அது 7ஆம் தேதி பணமாகி வரவானால் அந்த மாத வட்டி போய்விடும். 5ஆம் தேதி விடுமுறையாக அமைந்து, தவணை மறுநாள் வரவானாலும் அப்படித்தான். அதனால் தானியங்கிப் பணமாற்றத்தை 5ஆம் தேதிக்கு வைப்பதைவிட 1, 2 தேதிகளில் வைப்பது பாதுகாப்பானது.

பணம் எடுக்கும்போது விதி மறுபக்கம் திரும்பும். மாதக் கடைசியில் எடுத்தால் அந்த மாதத்தின் குறைந்த இருப்பு சரிந்து, எடுத்த தொகைக்கு அந்த மாத வட்டி முழுவதும் இல்லாமல் போகும். சில நாள் பொறுத்து அடுத்த மாதம் 1ஆம் தேதிக்குப்பின் எடுத்தால் அந்த வட்டி தப்பும்.

வட்டி சரியாக வந்திருக்கிறதா என்று பாஸ்புக்கை வைத்தே சரிபார்க்கலாம். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதத்துக்கும் 5ஆம் தேதிக்குப் பிந்தைய குறைந்த இருப்பை எழுதிக் கூட்டி, 7.1ஆல் பெருக்கி, 1,200ஆல் வகுக்க வேண்டும். முதல் ஆண்டில் தவணைகள் எல்லாம் உரிய நாளுக்குள் விழுந்திருந்தால் கூட்டுத்தொகை 9,75,000. எல்லாமே தவறியிருந்தால் 8,25,000. இரண்டுக்கும் இடைப்பட்ட தொகை வந்தால், எத்தனை 12,500 குறைகிறதோ அத்தனை தவணைகள் நாள் தவறியவை.

மற்றத் திட்டங்களில்

செல்வமகள் சேமிப்புத் திட்டத்துக்கும் இதே 5ஆம் தேதி விதிதான். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் 10ஆம் தேதிக்கும் மாத இறுதிக்கும் இடைப்பட்ட குறைந்த இருப்புக்கு வட்டி. வங்கிச் சேமிப்புக் கணக்குகளிலும் முன்பு அப்படியே இருந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்புக்கு வட்டி கணக்கிடப்படுவதால், அங்கே ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் ஒரு நாள் வட்டி மட்டுமே குறையும். அஞ்சலகத் தொடர் வைப்பான ஆர்.டி.யில் நிலைமை வேறு. 15ஆம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு மாதந்தோறும் 15ஆம் தேதிவரையும், அதற்குப்பின் தொடங்கியதற்கு மாதத்தின் கடைசி வேலை நாள்வரையும் கெடு உண்டு. கெடுவுக்குள் எந்த நாளில் கட்டினாலும் முதிர்வுத் தொகை ஒன்றே. கெடு தாண்டினால் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் உண்டு. ஆகவே ஒரு திட்டத்தில் சேருமுன் அதன் வட்டி விகிதத்தோடு, வட்டி எந்த நாளின் இருப்புக்குக் கணக்கிடப்படுகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டால், தவணையை எந்தத் தேதியில் வைப்பது என்பது தெளிவாகிவிடும்.