வெள்ளத்தில் போன கணக்கு: வரி அலுவலகத்துக்கு எழுதும் கடிதம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தூத்துக்குடியில் கடைகளுக்குள் புகுந்த தண்ணீர் சரக்கோடு பில் கட்டுகளையும் பேரேடுகளையும் கணினியையும் சேர்த்தே அழித்தது. சரக்கின் இழப்பை வியாபாரி அன்றே கண்டுகொள்கிறார். காகிதத்தின் இழப்பு, வரி அலுவலகத்தின் கடிதம் வரும்போதுதான் உறைக்கிறது.

ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு நிதியாண்டின் கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2021-22ஆம் ஆண்டின் பில்களை 31.12.2028 வரை காட்டச் சொல்லலாம். கொள்முதலில் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளவும் பில் கையில் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். எனவே பில் அழிந்தால் வரவும் கேள்விக்குள்ளாகும். "வெள்ளம் வந்தது, எல்லாம் போய்விட்டது" என்ற ஒரு வரிக் கடிதம் இங்கே போதாது. என்ன போனது, எதைத் திரும்பத் திரட்ட முடிந்தது, எது கிடைக்கவே இல்லை என்று மூன்றையும் பிரித்துச் சொல்வதே அதிகாரி நடவடிக்கை எடுக்கக்கூடிய கடிதம்.

தூத்துக்குடியில் ஒரு மொத்த மளிகைக் கடையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2021-22ஆம் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்ய டிசம்பர் 1 அன்று அறிவிப்பு வந்திருக்கிறது. டிசம்பர் 27 அன்று ஆவணங்களைக் காட்ட வேண்டும். இடையில் வெள்ளம்.

முதல் வேலை, நனைந்த காகிதத்தைக் குப்பையில் போடாமல் இருப்பது. கடையைக் கழுவும் அவசரத்தில் பலரும் செய்யும் தவறு இது. பேரேடு கூழாகிப் போயிருந்தாலும் அது அங்கே இருந்ததற்கு அதுவே சான்று. சுவரில் தண்ணீர் நின்ற கறை, அலமாரி, கட்டுகள் எல்லாம் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து, பிறகு நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைக்கலாம். அதிகாரி நேரில் வந்தால் காட்ட ஏதாவது இருக்கும். வெளிச் சான்றாகக் கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியரின் சான்று, காவல் நிலையத்தில் கொடுத்த மனுவுக்கான ரசீது, காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவை உதவும். தீவிபத்தானால் தீயணைப்புத் துறையின் அறிக்கை முக்கியம். இந்தச் சான்றுகளில் தேதியும் கடையின் கதவு எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிடங்கு வேறு முகவரியில் இருந்து, அந்த முகவரி பதிவில் சேர்க்கப்படாமல் இருந்தால், "கணக்குகள் ஏன் அங்கே இருந்தன?" என்ற கேள்வி உடனே எழும்.

அடுத்தது மீட்டுருவாக்கம். கடையில் அழிந்தவற்றில் பெரும்பகுதி வேறெங்கோ உயிரோடு இருக்கிறது. விற்பனைப் பட்டியல் ஜிஎஸ்டிஆர்-1இல் இருக்கிறது. கொள்முதல் ஒவ்வொன்றும், சரக்கு விற்றவர் தாக்கல் செய்த அளவில், மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் பில் எண்ணோடும் தேதியோடும் பதிவாகியிருக்கிறது. சரக்குக்கான பில் மூன்று படிகளாகப் போடப்படுவது விதி: முதல் படி வாங்குபவருக்கு, இரண்டாவது லாரிக்காரருக்கு, மூன்றாவது விற்றவருக்கு. விற்றவரும் அதே 72 மாதங்கள் தன் படியை வைத்திருக்கக் கடமைப்பட்டவர். ஆகவே அவரிடம் நகல் கேட்டு, "மூலத்தின் உண்மை நகல்" என்று முத்திரையும் கையெழுத்தும் வாங்கலாம். பழைய தேதியிட்டுப் புதிதாக ஒரு பில் போட்டு வாங்குவது முற்றிலும் வேறு காரியம். அது பொய் ஆவணம். தாளின் வடிவமும் பில் எண்ணின் வரிசையும் அதைக் காட்டிக்கொடுத்தால் மற்ற நல்ல நகல்களும் சந்தேகத்துக்குள்ளாகும்.

எடுத்துக்காட்டுக் கடையில், 37 வியாபாரிகளிடம் 412 பில்களுக்குச் சரக்கு வாங்கியதாக 2பி சொல்கிறது. 29 பேர் நகல் தருகிறார்கள். 371 பில்கள் தேறுகின்றன. மீதமுள்ள 41இல் 33 பில்களுக்குப் பணம் போனது வங்கிக் கணக்கு அறிக்கையில் தெரிகிறது. எட்டுக்கு நகலும் இல்லை, வங்கித் தடமும் இல்லை. அவற்றின் வரி வரவு 18,400 ரூபாய். இந்த எட்டையும் கடிதத்தில் மறைக்காமல் சொல்வதே வியாபாரிக்கு நல்லது. 412இல் 404ஐ ஆதாரத்தோடு காட்டிவிட்டு எட்டைத் தானாகவே ஒப்புக்கொள்கிறவரின் மற்ற கூற்றுகளை அதிகாரி நம்ப ஒரு காரணம் கிடைக்கிறது.

இங்கே சட்டத்தின் துணையும் உண்டு. மூல ஆவணம் அழிந்துபோனால் அதன் நகல் போன்ற இரண்டாம் நிலைச் சான்றை ஏற்கலாம் என்பது பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய சாட்சிய சட்டம் இருக்கிறது. ஆனால் வரி அதிகாரி முன்கூட்டியே "ஏற்கிறேன்" என்று எழுதித் தர மாட்டார். ஒவ்வொரு நகலையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார். அதனால் கடிதத்தில், திரட்டிய ஆவணங்களை மூலத்துக்குப் பதிலாகப் பெற்றுப் பரிசீலிக்கும்படி கேட்பதுதான் பொருந்தும்.

காலக்கெடு விஷயத்தில் பலரும் தடுமாறுவது, அதிகாரியின் கையில் இல்லாததைக் கேட்பதில். ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியை வட்ட அலுவலர் தள்ளிவைக்க முடியாது. அது அரசு அறிவிக்கையால்தான் நடக்கும். அந்த வெள்ளத்துக்குப் பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி, விருதுநகர் மாவட்டங்களுக்கு நவம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் 10.01.2024 வரை நீட்டிக்கப்பட்டது. அதையே கடிதத்தில் கேட்டால் கடிதத்தின் பாரம்தான் குறையும். தணிக்கைக்கான தேதியை மாற்றுவது, ஆவணங்களைத் தவணை முறையில் பெறுவது, வந்த நோட்டீஸுக்குப் பதில் தர அவகாசம் தருவது ஆகியவை அலுவலரின் அதிகாரத்துக்குள் இருப்பவை. வரி கேட்டு நோட்டீஸ் வந்து விசாரணை தொடங்கிவிட்டால், தகுந்த காரணம் காட்டி மூன்று முறைக்கு மேல் வாய்தா வாங்க முடியாது. அதனால் முதல் கடிதத்திலேயே நடக்கக்கூடிய ஒரு தேதியைக் கேட்டுவிடுவது நல்லது. அதிகாரிக்கும் ஒரு எல்லை உண்டு. 2021-22க்கான சாதாரண வரி உத்தரவை அவர் 31.12.2025க்குள் போட்டாக வேண்டும். ஏழு வாரம் கேட்டால் அவருக்கு இடைஞ்சல் இல்லை; "மறு அறிவிப்பு வரை" என்று கேட்டால் மறுக்கவே தோன்றும்.

கடிதம் வழக்கமான அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வரிசையில் போகும். பார்வையில் அறிவிப்பின் எண்ணும் தேதியும், அதோடு ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். உடல் பகுதி இப்படி அமையலாம்:

"பார்வையில் கண்ட அறிவிப்பின்படி 27.12.2023 அன்று ஆவணங்களைச் சமர்ப்பிக்க வேண்டியுள்ளது. 17.12.2023 இரவு முதல் எங்கள் கடைக்குள் சுமார் நான்கு அடி வெள்ளம் புகுந்து இரண்டு நாள் நின்றது. இதில் 2021-22ஆம் ஆண்டின் கொள்முதல் பில்கள், சரக்கிருப்புப் பதிவேடு, செலவு வவுச்சர்கள், கணினி ஆகியவை சேதமடைந்தன. சேதச் சான்றுகள் இணைப்பு 1இல் உள்ளன. அழிந்த ஆவணங்களின் பட்டியல் இணைப்பு 2. ஜிஎஸ்டி தளத்திலிருந்து எடுத்த விற்பனை, கொள்முதல் விவரங்கள் இணைப்பு 3. வியாபாரிகளிடம் பில் நகல்களும் வங்கியிடம் கணக்கு அறிக்கையும் கேட்டிருக்கிறோம். வங்கி அறிக்கையை 10.01.2024க்குள்ளும், பில் நகல்களை 31.01.2024க்குள்ளும், கிடைக்காதவற்றின் பட்டியலை 12.02.2024 அன்றும் தருகிறோம். இவற்றை மூல ஆவணங்களுக்குப் பதிலாகப் பெற்றுப் பரிசீலிக்கவும், தணிக்கையை 12.02.2024க்குப் பின் ஒரு தேதிக்கு மாற்றவும் வேண்டுகிறோம்."

இதில் உருக்கமான சொற்களுக்கு வேலை இல்லை. ஒவ்வொரு கூற்றுக்கும் பின்னால் ஓர் இணைப்பு இருக்கிறது. ஒவ்வொரு வாக்குறுதிக்கும் ஒரு தேதி இருக்கிறது. கடிதம் 27ஆம் தேதிக்கு முன்பே அலுவலகத்தில் சேர வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். பதில் வரவில்லை என்பதற்காக 27ஆம் தேதி வீட்டில் இருந்துவிடவும் கூடாது. கையில் உள்ளதை எடுத்துக்கொண்டு போய், வந்ததைப் பதிவு செய்ய வேண்டும்.

அழிந்த சரக்கைப் பற்றியும் கடிதத்தோடு ஒரு கணக்கு போக வேண்டும். அழிந்துபோன சரக்குக்கு எடுத்த வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு. இருப்புப் பதிவேடு இல்லாதபோது இருப்பைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். கடையின் கடைசி இருப்புநிலைக் குறிப்பு ஆடிட்டரிடம் இருக்கிறது, அதன்படி 01.04.2023 அன்று இருப்பு 9,20,000 ரூபாய். டிசம்பர் 17 வரை கொள்முதல் 64,00,000. விற்பனை 70,20,000. முந்தைய ஆண்டுகளில் விற்பனையில் லாபம் 8 சதவீதம் என்றால், விற்ற சரக்கின் அடக்கம் 64,58,400. ஆகவே வெள்ளத்துக்கு முன் இருப்பு 8,61,600. தேறிய சரக்கு 2,11,600, அழிந்தது 6,50,000. எல்லாம் 5 சதவீத வரிச் சரக்கு என்று கொண்டால் திருப்ப வேண்டிய வரவு 32,500 ரூபாய். இதை அந்தந்த மாத 3பி-யில் 4(பி)(1) அட்டவணையில் காட்டுவார்கள். இந்த லாப விகிதம் ஒரு மதிப்பீடுதான். கலவையான சரக்கு இருந்தால், அல்லது அந்த ஆண்டு விலை ஏறி இறங்கியிருந்தால் அது பிசகும். எனவே விகிதம் எங்கிருந்து வந்தது என்பதையும் கணக்கோடு எழுத வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்த இழப்புத் தொகையும் இங்கே காட்டும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். காப்பீட்டில் 11 லட்சம் சரக்கு அழிந்தது என்று கேட்டுவிட்டு வரி அலுவலகத்தில் 6.5 லட்சம் என்று காட்டினால், மதிப்பீட்டாளரின் அறிக்கையே எதிர்ச் சான்றாகிவிடும். வெள்ளத்தில் போன கணக்கை அதிகாரி சந்தேகிக்கும் இடங்களில் இது ஒன்று. வெள்ளத்துக்கு முன்பே தாக்கல் செய்யாமல் விட்ட ரிட்டர்ன் இன்னொன்று. கணக்கு அழிந்தது அதற்குக் காரணம் ஆகாது. 2பி-யில் இல்லாத பில்லுக்கு எடுத்த வரவு மூன்றாவது. அதை எந்த நகலாலும் எளிதில் காப்பாற்ற முடியாது.

பிப்ரவரி 12 அன்று கடைக்காரர் 371 நகல்களையும், 33 பில்களுக்கான வங்கிப் பதிவுகளையும், எட்டு பில்களின் பட்டியலையும் தருகிறார். 33 பில்களை அதிகாரி ஏற்கலாம், மறுக்கலாம். 2பி-யும் பணம் போன தடமும் இருப்பதால் வாதாட இடம் உண்டு. எட்டு பில்களின் 18,400 ரூபாயை வட்டியோடு கட்டிவிடுவது பெரும்பாலும் வழக்கைவிட மலிவு. முத்திரையிட்ட கடித நகலும் இணைப்புகளும் இனி அந்த ஆண்டின் கணக்கு. 31.12.2028 வரை அவற்றையும் காப்பாற்ற வேண்டும். இம்முறை ஒரு படியைக் கடைக்கு வெளியே வைப்பது நல்லது.