திரையில் நிழல், தாளில் கறுப்புக் கட்டம்

ஒரே பிடிஎஃப் கோப்பு. கணினித் திரையில் ஒழுங்காகத் தெரிகிறது. அலுவலகத்தின் ஒரு பிரிண்டரில் ஒழுங்காக அச்சாகிறது. அடுத்த அறையிலுள்ள பிரிண்டருக்கு அனுப்பினால் மட்டும், படத்தின் கீழே மெல்லிய நிழல் விழ வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு செவ்வகம் வந்து நிற்கிறது. சில சமயம் கறுப்பு வராது. நிழலின் ஓரம் படிக்கட்டுபோல் வெட்டுப்பட்டு, கட்டங்கட்டமாக அச்சாகும். பிரிண்டரில் மை கசிகிறது என்று முதலில் டோனரை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. டோனருக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தக் கறுப்பு பெரும்பாலும் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. மற்ற பிரிண்டர்களில் அது மறைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பிடிஎஃப் கோப்பில் ஊடுதெரியும் படம் ஒன்றாக இருப்பதில்லை, இரண்டாக இருக்கிறது. ஒன்று நிறங்களைக் கொண்ட படம். மற்றொன்று அதே இடத்தில் பொருந்தும் சாம்பல் நிறப் படம். இதை மறைப்பு எனலாம். மறைப்பில் வெள்ளையாக உள்ள புள்ளிகளில் படம் முழுமையாகத் தெரியும், கறுப்பாக உள்ள புள்ளிகளில் தெரியவே தெரியாது, இடைப்பட்ட சாம்பலில் பாதியும் காலுமாகத் தெரியும். ஒரு புள்ளிக்கு 8 பிட் என்றால் முழுக்க மறைப்பதிலிருந்து முழுக்கக் காட்டுவது வரை 256 படிகள். வடிவமைப்பு மென்பொருள் ஒரு நிழலை உண்டாக்கும்போது பல சமயம் செய்வது இதுதான்: முழுக்கக் கறுப்பான ஒரு செவ்வகப் படத்தை வைத்து, நிழலின் மங்கலையும் வளைவையும் மறைப்பில் மட்டும் வரைந்துவிடுகிறது. நிழலின் அழகு மொத்தமும் மறைப்பில் இருக்கிறது. அந்த மறைப்பை யாராவது படிக்கத் தவறினால் மிஞ்சுவது கறுப்புச் செவ்வகம். பின்னணி நீக்கப்பட்ட சின்னங்களுக்கும் இதே கதி நேரலாம். நீக்கப்பட்ட பகுதியின் புள்ளிகளில் நிறம் என்று ஏதாவது இருந்தாக வேண்டும். பல மென்பொருள்கள் அங்கே பூஜ்யத்தை எழுதி வைக்கின்றன, பூஜ்யம் என்றால் கறுப்பு.

மறைப்பைப் படிக்கும் பிரிண்டரோ மென்பொருளோ ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சிறு கணக்குப் போடுகிறது. மஞ்சள் பட்டை ஒன்றின் மீது 40 சதவீத நிழல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மஞ்சளின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் 255, 204, 0. நிழல் கறுப்பு என்பதால் அதன் பங்கு பூஜ்யம். கீழே உள்ள மஞ்சளில் 60 சதவீதம் மட்டும் மிஞ்சுகிறது. விடை 153, 122, 0, அதாவது மங்கிய மஞ்சள். கணக்கு எளிது. ஆனால் இதைப் போட வேண்டுமானால் அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன நிறம் இருக்கிறது என்பது தெரிய வேண்டும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

லேசர் பிரிண்டர்களில் நெடுங்காலம் கோலோச்சிய போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க மொழி 1980களின் நடுவில் வந்தது. சுவரில் போஸ்டர் ஒட்டுவதுபோல அது வேலை செய்யும்: மேலே ஒட்டியது கீழே இருப்பதை முழுதாக மூடிவிடும். கீழே என்ன நிறம் இருக்கிறது என்று திரும்பிக் கேட்க அந்த மொழியில் வழியில்லை. 1997இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. காட்டு அல்லது மறை என்ற இரண்டே நிலை கொண்ட 1 பிட் மறைப்பு கிடைத்தது, இடைப்பட்ட சாம்பல் கிடைக்கவில்லை. பிடிஎஃப்போ 2001இல் வெளியான 1.4 பதிப்பிலேயே ஊடுதெரியும் தன்மையை முழுமையாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே நிழல் உள்ள ஒரு பிடிஎஃப் பக்கத்தை அப்படியே போஸ்ட்ஸ்கிரிப்டில் சொல்ல முடியாது. போகும் வழியில் யாரோ ஒருவர் எல்லாக் கலவைகளையும் முன்கூட்டியே கணக்கிட்டு, ஒன்றோடொன்று கலக்காத தட்டையான துண்டுகளாக மாற்றித் தர வேண்டும். அச்சுத் தொழிலில் இதை ஃபிளாட்டனிங் என்பார்கள்.

ஒரு பிரிண்டரில் மட்டும் கோளாறு ஏன் என்பதற்கு விடை இந்த 'யாரோ ஒருவர்' யார் என்பதில் இருக்கிறது. அது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறுகிறது. முதல் பிரிண்டருக்கு, கணினியிலேயே பக்கம் முழுவதும் புள்ளிகளாக்கப்பட்டுப் போகலாம். அப்போது கலக்கும் வேலை கணினியிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது பிரிண்டருக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் இருக்கலாம். அப்போது ஃபிளாட்டனிங் செய்வது பிடிஎஃப் படிக்கும் மென்பொருள். பிசிஎல் டிரைவர் என்றால் வேறொரு வழி: மேலுள்ள புள்ளியையும் கீழுள்ள புள்ளியையும் சேர்த்துச் செய்யும் சில தர்க்கச் செயல்கள் அந்த மொழியில் உண்டு, டிரைவர் அவற்றை வைத்து ஊடுதெரிவதைப் போலி செய்யப் பார்க்கும். முதலில் ஒரு கறுப்பு வடிவத்தை வைத்து, பிறகு அதை வேறொரு செயலால் நீக்குவது போன்ற வேலை இது. இரண்டாவது அடியை பிரிண்டர் தவறாகப் புரிந்துகொண்டால் முதலடியின் கறுப்பு தாளிலேயே தங்கிவிடும். இன்னும் சில பிரிண்டர்கள் பிடிஎஃப் கோப்பை நேரடியாக வாங்கித் தாமே படித்துக்கொள்ளும். அவற்றின் உள்மென்பொருள் பழையதாக இருந்தால் மறைப்பைக் கண்டும் காணாமல் போகலாம். திரை இந்த வம்பு எதிலும் மாட்டுவதில்லை, அங்கே கலவையை மென்பொருள் தானே முடித்துக்கொள்கிறது. திரையில் சரியாகத் தெரிவது அச்சுக்கு எந்த உத்தரவாதமும் ஆகாதது இதனால்தான்.

கட்டங்கட்டமாக வருவதற்குக் காரணம் நினைவகம். ஏ4 தாளை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் நிரப்ப ஏறத்தாழ 3.5 கோடி புள்ளிகள் வேண்டும். வண்ணம் என்றால் புள்ளிக்கு 3 பைட் வீதம் 100 எம்பியைத் தாண்டும். சிறிய பிரிண்டர்கள் பலவற்றுக்கு இது தாங்காது. எனவே டிரைவரோ மென்பொருளோ கலவை உள்ள பகுதியை மட்டும் 150 புள்ளித் துல்லியத்தில் கணக்கிட்டு அனுப்பக்கூடும். 600 புள்ளி பிரிண்டரில் அந்த ஒவ்வொரு புள்ளியும் 4க்கு 4 என்ற சிறு சதுரமாக விரிகிறது. நிழலின் மங்கலில் இது அதிகம் கண்ணை உறுத்தாது. நிழலை ஒட்டி எழுத்து இருந்தால் உறுத்தும், ஏனென்றால் நிழல் தொடும் எழுத்துகளும் அதே பகுதியில் சிக்கிப் படமாகிவிடுகின்றன. ஒரே வரியில் நான்கு எழுத்து மட்டும் தடித்தும் ஓரம் சொரசொரப்பாகவும், மற்றவை கூர்மையாகவும் இருந்தால், அந்த நான்கின் மேல் ஏதோ ஒரு நிழல் படிகிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

தாளில் விழுந்த தடயத்தைப் பார்த்தே எங்கே தவறு என்று ஓரளவு சொல்லிவிட முடியும். கறுப்பு முழுச் செவ்வகமாக, ஓரங்கள் நேர்க்கோடாக இருந்தால் மறைப்பு மொத்தமாகக் கைவிடப்பட்டிருக்கிறது. நிழலின் வடிவம் சரியாக இருந்தும் மங்கல் இல்லாமல், ஒரு எல்லையில் திடீரெனக் கறுப்பு நின்றுவிட்டால், 256 படி மறைப்பை யாரோ 1 பிட்டாகச் சுருக்கியிருக்கிறார்கள். பகுதி முழுவதும் கொரகொரப்பாக இருந்தால் குறைந்த துல்லியத்தில் ஃபிளாட்டனிங் நடந்திருக்கிறது.

சந்தேகத்தைக் கோப்பிலேயே சரிபார்க்கலாம். லினக்ஸில் பரவலாகக் கிடைக்கும் பாப்லர் கருவித்தொகுப்பில் இதற்கு ஒரு கட்டளை உண்டு. `notice.pdf` என்ற ஒரு பக்க அறிவிப்பில் மஞ்சள் பட்டையும் அதன் மேல் நிழலோடு ஒரு சின்னமும் இருப்பதாகக் கொள்வோம்.

```
pdfimages -list notice.pdf
pdfimages -png notice.pdf img
```

முதல் கட்டளை படங்களைப் பட்டியலிடும். `type` என்ற பத்தியில் `image` என்று ஒரு வரியும், அதற்கு அடுத்து `smask` என்று ஒரு வரியும் வந்தால், அந்தப் படத்துக்கு மறைப்பு இருக்கிறது என்று பொருள். இரண்டாவது கட்டளை இவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக எழுதித்தரும். அவற்றைத் திறந்து பார்த்தால், சின்னத்தின் படம், அதன் மறைப்பு, ஓரம் மங்கிய சாம்பல் நிழல் ஒன்று, அதற்குப் பக்கத்தில் எதுவுமே வரையப்படாத முழுக் கறுப்புச் செவ்வகம் ஒன்று. பிரிண்டர் தாளில் போட்ட கட்டம் இதுதான், நீள அகலம் உட்பட. நிழலை வேறு முறையில் எழுதும் மென்பொருள்களும் உண்டு. அவற்றின் கோப்புகளில் இவ்வளவு தெளிவாக அகப்படாது.

அவசரத்துக்கு அச்சிட வேண்டுமானால் எளிய வழி, கலக்கும் வேலையைக் கணினியிலேயே முடித்துவிடுவது. அடோபி அக்ரோபாட்டிலும் ரீடரிலும் அச்சிடும் பெட்டியில் `Advanced` என்ற பொத்தானை அழுத்தினால் `Print As Image` என்ற தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் பக்கம் முழுவதும் ஒரே தட்டைப் படமாகி பிரிண்டருக்குப் போகும். மறைப்பு என்ற பேச்சே பிரிண்டரை எட்டாது. அச்சு மெதுவாக வரும், சிறிய எழுத்துகள் சற்றுக் கூர்மை இழக்கும். இப்படி அச்சிட்டுக் கறுப்பு மறைந்தால் நோயும் தெரிந்துவிட்டது: கோப்பு நலம், அந்த பிரிண்டருக்குப் போகும் வழியில்தான் குறை.

அதே பிரிண்டரை நாள்தோறும் பயன்படுத்துபவர்கள் டிரைவரை மாற்றிப் பார்ப்பது நல்லது. அலுவலக லேசர் பிரிண்டர்கள் பலவற்றுக்கு பிசிஎல் 6, போஸ்ட்ஸ்கிரிப்ட் இரண்டு டிரைவர்களும் உண்டு. ஒரே பிரிண்டரை இரண்டு பெயரில் கணினியில் நிறுவி, ஒன்றில் கறுப்பு வந்தால் மற்றதில் அனுப்பலாம்.

ஊர் முழுக்கப் பல பிரிண்டர்களில் அச்சாகப் போகும் கோப்பானால் அதை உருவாக்குபவரே தட்டையாக்கி அனுப்புவது உத்தமம். அச்சகங்களில் பழகிய பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ வடிவம் ஊடுதெரியும் தன்மையை அனுமதிப்பதில்லை. அந்த வடிவில் சேமித்தால் ஃபிளாட்டனிங் சேமிக்கும்போதே நடந்துவிடும். கையில் வெறும் பிடிஎஃப் மட்டும் இருந்தால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் உதவும்:

```
gs -o flat.pdf -sDEVICE=pdfwrite -dCompatibilityLevel=1.3 -r600 notice.pdf
```

பதிப்பு 1.3 என்று சொன்னதால், ஊடுதெரியும் பொருள் உள்ள பக்கங்களை அது 600 புள்ளித் துல்லியத்தில் படமாக மாற்றிவிடும். நிழல் எதுவும் இல்லாத பக்கங்கள் எழுத்தாகவே தங்கும். படமாகிய பக்கத்தில் சொல்லைத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது, கோப்பும் பெருக்கும். ஆகவே மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். நிழல் வெறும் வெள்ளைத் தாளின் மீதே விழுகிறதென்றால் இவ்வளவும் வேண்டாம். வடிவமைக்கும்போதே படத்தையும் நிழலையும் வெள்ளைப் பின்னணியோடு சேர்த்து ஒரே ஜேபெக் படமாகச் சேமித்து வைத்துவிடலாம். ஜேபெக்கில் ஊடுதெரியும் தன்மை கிடையாது, எனவே தனி மறைப்பும் கிடையாது. பின்னணியின் நிறம் பிறகு மாறினால் மட்டும், படத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் தெரியும்.