76 லட்சத்து ஃபிளாட்டும் 20,000 ரூபாய் வாடகையும்

"மாசம் 20,000 வாடகை நிச்சயம் சார்" என்று புரோக்கர் சொல்லும்போது அந்த 20,000 பெரிய தொகையாகத்தான் காதில் விழும். அது எவ்வளவு பணத்துக்குக் கிடைக்கும் வருமானம் என்பதை அவர் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. அதே பணத்தை வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டாகப் போடும்போது மட்டும் கால் சதவீத வித்தியாசத்துக்காக நாலு வங்கி ஏறி இறங்குகிறோம்.

ஃபிளாட்டுக்கும் வட்டி விகிதம் போல ஒன்று உண்டு. ஒரு வருட வாடகையை ஃபிளாட்டின் விலையால் வகுத்து நூறால் பெருக்கினால் அது கிடைத்துவிடும். மடிப்பாக்கம் பக்கம் 950 சதுர அடி, இரண்டு பெட்ரூம், மறுவிற்பனைக்கு வந்த ஃபிளாட் ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். சதுர அடி 8,000 ரூபாய் என்றால் விலை 76 லட்சம். வருட வாடகை 2,40,000. வகுத்துப் பார்த்தால் 3.16 சதவீதம். வங்கி டெபாசிட்டுக்கு 6.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதில் பாதிகூட இல்லை.

அந்த மூன்று சதவீதமும் முழுசாகக் கைக்கு வராது. முதலில், நாம் கொடுப்பது 76 லட்சம் அல்ல. தமிழ்நாட்டில் மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்குப் பத்திரம் போட்டால் அதுவே 6,84,000 ரூபாய். புரோக்கருக்கு ஒரு சதவீதம் கமிஷன். பெயின்ட், ஒயரிங், கப்போர்டு, கிரில் என்று குடிவைக்கும் நிலைக்குக் கொண்டுவர 2,40,000. எல்லாம் சேர்ந்தால் 86 லட்சம். டெபாசிட்டில் போடுவதானால் இந்த 86 லட்சத்தையும்தான் போட்டிருப்போம். அதனால் வகுக்க வேண்டியதும் இந்தத் தொகையால்தான்.

இனி வரவு. ஒரு குடித்தனக்காரர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் வருடத்துக்கு ஒரு மாதம் பூட்டிக் கிடப்பதாக வைத்தால் 20,000 போயிற்று. சொத்து வரி 6,000. மாதாந்திரப் பராமரிப்பைக் குடியிருப்பவர் கட்டிவிடுவார். ஆனால் மொட்டை மாடி ஒழுகல், லிஃப்ட் மாற்றுவது, வெளிச்சுவர் பெயின்ட் என்று அசோசியேஷன் பெரிய செலவைப் பிரிக்கும்போது சீட்டு உரிமையாளர் பெயருக்குத்தான் வரும். உள்வேலைகளையும் புது ஆள் பிடித்துத் தருபவரின் கமிஷனையும் சேர்த்து வருடத்துக்குச் சராசரியாக 28,000 வைக்கலாம். மிஞ்சுவது 1,86,000. அட்வான்ஸ் ஒரு லட்சம் வாங்கியிருந்தால் அதன் வட்டி ஆறாயிரத்துச் சொச்சம் கூடும். ஆனால் அது திருப்பித் தர வேண்டிய பணம், அதனால் இங்கே சேர்க்கவில்லை. 86 லட்சத்துக்கு 1,86,000 என்றால் 2.16 சதவீதம். அதே 86 லட்சத்துக்கு வங்கி வட்டி 5,59,000.

வருமான வரி இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கிறது. டெபாசிட் வட்டி முழுவதும் வருமானத்தில் சேரும். வாடகையில் சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று சட்டமே தள்ளிவிடுகிறது, பாக்கிக்குத்தான் வரி. 30 சதவீத வரி கட்டுபவராக இருந்தால், செஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்தால், கையில் நிற்பது வட்டியில் 3,91,000, வாடகையில் 1,41,000. வருடத்துக்கு இரண்டரை லட்சம் குறைவு. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத ஓய்வூதியருக்கு இந்தச் சலுகையால் பயனில்லை. மூத்த குடிமக்களுக்கென்று பல வங்கிகள் தரும் அரை சதவீதக் கூடுதல் வட்டியையும் அவர் இழக்கிறார். ஓய்வு பெற்றபோது கிடைத்த மொத்தப் பணத்தையும் ஒரே ஃபிளாட்டில் போட்டுவிட்டு மாத வாடகையை நம்பி உட்காருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

"வாடகை ஏறுமே, வட்டி அப்படியேதானே இருக்கும்" என்பார்கள். அது சரியான கேள்வி. வாடகை வருடா வருடம் 5 சதவீதம் ஏறுவதாக வைப்போம். டெபாசிட்காரர் தனக்குக் கூடுதலாகக் கிடைக்கும் பணத்தை மீண்டும் டெபாசிட்டிலேயே போட்டு வந்தால், பத்து வருடத்தில் அது 27 லட்சத்தை ஒட்டி வரும். 86 லட்சம் முதலும் அப்படியே இருக்கும். ஆக ஃபிளாட்டை விற்று, கமிஷனும் லாபத்துக்கு 12.5 சதவீத வரியும் போக, கையில் 113 லட்சம் நிற்க வேண்டும். அதற்கு விற்பனை விலை ஏறக்குறைய 118 லட்சம் வர வேண்டும். 76 லட்சம் பத்து வருடத்தில் 118 லட்சமாக, வருடத்துக்கு நாலரை சதவீதம் ஏறினால் போதும்.

கேட்பதற்கு எளிதாகத் தெரிகிறது. ஆனால் ஃபிளாட்டில் விலை ஏறுவது எது? கட்டடம் பழசாகிக்கொண்டே போகும். ஏறுவது அடியில் இருக்கும் மனை, அதாவது நம் பத்திரத்தில் எழுதியிருக்கும் பிரிபடாத பாகம், யு.டி.எஸ். இந்த ஃபிளாட்டுக்கு அது 475 சதுர அடி, அந்தத் தெருவில் மனை சதுர அடி 10,000 என்றால், 76 லட்சத்தில் நிலத்தின் பங்கு 47.5 லட்சம், கட்டடத்தின் பங்கு 28.5 லட்சம். பத்து வருடம் கழித்துக் கட்டடத்துக்கு 18 லட்சம்தான் மதிப்பு என்றால், 118 லட்சத்தை எட்ட நிலம் 100 லட்சம் ஆக வேண்டும். அதற்கு மனை விலை வருடத்துக்கு எட்டு சதவீதத்தை ஒட்டி ஏறியாக வேண்டும். நாலரை என்று நினைத்தது உண்மையில் எட்டு. பல மாடிக் கோபுரங்களில் யு.டி.எஸ். இதைவிடக் குறைவாக இருப்பது சாதாரணம். அங்கே மனை இன்னும் வேகமாக ஏற வேண்டும். அதனால் ஃபிளாட் பார்க்கப் போகும்போது மாடுலர் கிச்சனைப் பார்ப்பதற்கு முன் பத்திர நகலில் யு.டி.எஸ். எவ்வளவு என்று பாருங்கள்.

டெபாசிட்டிலும் குறை உண்டு. முதிர்வு நாளில் வட்டி விகிதம் இறங்கியிருக்கலாம். வங்கி முடங்கினால் வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, ஐந்து லட்சம் வரைதான். 86 லட்சத்தையும் ஒரே வங்கியில் வைப்பவர் இதைத் தெரிந்துகொண்டே வைக்க வேண்டும். வட்டியை முழுவதும் செலவழித்துவிட்டால் முதலின் மதிப்பை விலைவாசி அரித்துவிடும். நிலம் அப்படி அரிபடாமல் தாங்கும் என்ற நம்பிக்கையில்தான் மக்கள் குறைந்த வாடகைக்குச் சம்மதிக்கிறார்கள். கைப்பணம் உள்ளவருக்கு அது பொருந்தலாம். எட்டரை சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி, இரண்டு சதவீதம் ஈட்டும் ஃபிளாட்டை வாடகைக்கென்றே வாங்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பழைய உரிமையாளர்கள் வேறு மாதிரி கணக்குப் போடுவார்கள். "2004-ல் 14 லட்சத்துக்கு வாங்கினேன், இப்போது வருடம் 2,40,000 வருகிறது, 17 சதவீதம்!" என்பார்கள். அந்த 14 லட்சம் இன்று எங்கும் இல்லை. இன்று விற்றால் கமிஷனும் வரியும் போக என்ன கிடைக்குமோ அதுதான் அந்த ஃபிளாட்டில் போட்டிருக்கும் பணம். அதால் வகுத்தால் அவருக்கும் மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் வரும்.

பேரம் பேசும்போது இதே கணக்கைத் தலைகீழாகவும் போடலாம். நிகர வருமானம் மூன்று சதவீதமாவது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டால், 1,86,000-ஐ 0.03-ஆல் வகுத்தால் 62 லட்சம். பத்திரச் செலவு, கமிஷன், மராமத்து எல்லாம் அடங்கிய தொகை அது. அவற்றைக் கழித்தால் விற்பவருக்குத் தரக்கூடியது சுமார் 54 லட்சம். அவர் கேட்பது 76. நடுவிலிருக்கும் 22 லட்சமும் அந்தத் தெருவின் மனை விலை ஏறும் என்று நம்பி நாம் முன்கூட்டியே கட்டும் பணம்.