‘அணைத்துவிடுங்கள்’ என்று சொல்ல ஏழு நாள்

2016 ஆகஸ்ட் 19 அன்று சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி நோட் 7 கைப்பேசி தென் கொரியாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. இரண்டு வாரம்தான் ஓடியது. செப்டம்பர் 2 அன்று நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. அதுவரை வந்திருந்த புகார்கள் 35. பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கிறது என்பதுதான் புகார். வெளியே போயிருந்த சுமார் 25 லட்சம் கைப்பேசிகளையும் மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. இந்தியாவில் அது கடைக்கு வரும் முன்பே எல்லாம் நின்றுபோனது.

அந்த முதல் அறிவிப்பை அமெரிக்காவில் இருந்த ஒரு வாடிக்கையாளர் எப்படிப் படித்திருப்பார்? பேட்டரியில் ஏதோ கோளாறு, புதியது தருவார்கள், வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றுதான். அதுவரை கையில் இருக்கும் கைப்பேசியை என்ன செய்வது? இரவில் தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கலாமா? அதற்கு அந்த அறிவிப்பில் தெளிவான பதில் இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு செப்டம்பர் 8 அன்று, விமானத்தில் இதை இயக்கவோ சார்ஜ் செய்யவோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. மறுநாள், அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எல்லோருக்குமாகச் சொன்னது: கைப்பேசியை அணைத்துவிடுங்கள், சார்ஜ் செய்யாதீர்கள். இந்த ஒரு வரி வருவதற்கு ஏழு நாள் ஆனது.

அந்த ஏழு நாள் ஏன் முக்கியம் என்பது பேட்டரியின் உள்ளே பார்த்தால் புரியும். லித்தியம் அயனி பேட்டரியில் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் மெல்லிய ஏடுகளாக, ஒன்றோடொன்று சேர்த்துச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒட்டிவிடாமல் நடுவே காகிதத்தைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் திரை இருக்கும். அந்தத் திரை எங்காவது கிழிந்தாலோ நசுங்கினாலோ இரு முனைகளும் தொட்டுக்கொண்டு, அதே இடத்தில் வெப்பம் குவியும். அந்த வெப்பம் பக்கத்தில் உள்ளதையும் சூடாக்க, எரியக்கூடிய திரவம் தீப்பற்றும். ஒருமுறை தொடங்கிவிட்டால் சார்ஜரைப் பிடுங்கினாலும் நிற்காது. பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறதோ அவ்வளவு உக்கிரமாக எரியும். அணைத்து வைப்பதும், சார்ஜ் செய்யாமல் இருப்பதும் பழுதைச் சரிசெய்யாது. ஆனால் ஆபத்து நேரும் வாய்ப்பையும், நேர்ந்தால் அதன் வேகத்தையும் குறைக்கும். நோட் 7-இல் பேட்டரியைக் கழற்றி எடுக்கவும் வழியில்லை.

செப்டம்பர் 15 அன்று ஆணையமும் நிறுவனமும் சேர்ந்து முறையான திரும்பப்பெறல் அறிவிப்பை வெளியிட்டன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் கைப்பேசிகள். சூடேறியதாக 92 புகார்கள். அவற்றில் 26 பேருக்குத் தீக்காயம். இந்த அறிவிப்பில் இருக்கவேண்டியவை இருந்தன. உடனே பயன்பாட்டை நிறுத்தி அணைத்துவிடவேண்டும். கைப்பேசியின் பின்புறமோ பெட்டியிலோ உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டோ, தொலைபேசியில் சொல்லியோ, தன்னுடையது பட்டியலில் உள்ளதா என்று பார்க்கவேண்டும். பிறகு பணத்தைத் திரும்பப் பெறலாம், வேறு மாடல் வாங்கிக்கொள்ளலாம், அல்லது வேறு பேட்டரி பொருத்திய புதிய நோட் 7-ஐயே பெறலாம். புதியதை அடையாளம் காண, திரையின் மேலே பேட்டரிக் குறி பச்சை நிறத்தில் தெரியும். அது பச்சை என்றால் பயமில்லை என்றார்கள்.

பலர் அந்தப் பச்சைக் குறியை நம்பி நோட் 7-ஐயே மீண்டும் வாங்கினார்கள்.

அக்டோபர் 5 அன்று அமெரிக்காவின் லூயிவில் விமான நிலையத்தில், புறப்பட இருந்த சவுத்வெஸ்ட் விமானம் ஒன்றில் ஒரு பயணியின் நோட் 7-இலிருந்து புகை கிளம்பியது. எல்லோரையும் இறக்கினார்கள். அந்தக் கைப்பேசி மாற்றித் தரப்பட்டது, அதாவது ‘பயமில்லாதது’. அடுத்த சில நாட்களில் மாற்றுக் கைப்பேசிகள் பற்றி மேலும் புகார்கள் வந்தன. அக்டோபர் 11 அன்று உற்பத்தியே நிறுத்தப்பட்டது. 13 அன்று இரண்டாவது திரும்பப்பெறல் அறிவிப்பு வந்தது. இம்முறை சுமார் 19 லட்சம் கைப்பேசிகள். பழையது, மாற்றியது என்ற வேறுபாடே இல்லை. எண்ணைச் சரிபார்க்க வேண்டியதில்லை, நோட் 7 என்றாலே அணைத்துவிடவேண்டும். தீர்வும் இரண்டாகச் சுருங்கியது: பணம், அல்லது வேறு மாடல்.

மாற்றுப் பேட்டரியும் ஏன் எரிந்தது என்பது 2017 ஜனவரி 23 அன்று நிறுவனம் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது. சுமார் 700 பொறியாளர்கள், 2 லட்சம் கைப்பேசிகளையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்திருந்தார்கள். முதல் வகைப் பேட்டரியில் மேல் வலது மூலையில் உறை நெருக்கியதால் எதிர்முனை ஏடு வளைந்திருந்தது. இன்னொரு தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டாவது வகையில் அந்தக் குறை இல்லை. ஆனால் பற்றவைத்த இடத்தில் உலோகம் முள்போல் நீட்டிக்கொண்டிருந்தது; சிலவற்றில் அங்கே ஒட்டவேண்டிய காப்பு நாடாவும் இல்லை. அந்த முள் திரையைக் குத்தியது. ஒரே விளைவு, இரண்டு வெவ்வேறு காரணங்கள். முதல் காரணத்தைக் கண்டதுமே விடை கிடைத்துவிட்டது என்று எண்ணியதால்தான் இரண்டாவது காரணம் பச்சைக் குறியுடன் மக்கள் கைக்குப் போனது.

திருப்பி அனுப்புவதும் எளிதாக இல்லை. எரியக்கூடிய பேட்டரியை விமானத்தில் அனுப்பக்கூடாது. எனவே தீத்தாங்கும் உறை பூசிய பெட்டியையும் கையுறையையும் நிறுவனம் வீட்டுக்கே அனுப்பியது. தரைவழியில் மட்டுமே திருப்பி அனுப்பலாம். அப்படியும் சிலர் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்தார்கள். முதலில் மென்பொருள் வழியாகச் சார்ஜ் 60 சதவீதத்தைத் தாண்டாமல் தடுத்தார்கள். டிசம்பரில் அமெரிக்காவில் சார்ஜே ஏறாதபடி செய்தார்கள். ஆய்வு வெளியான நேரத்தில், உலகெங்கும் விற்ற சுமார் 30 லட்சத்தில் 96 சதவீதம் திரும்பியிருந்தது. மீதமுள்ள 4 சதவீதம் என்பது ஒரு லட்சத்துக்கும் மேல்.

இத்தகைய அறிவிப்பு நாளை நம் வீட்டுப் பொருளுக்கும் வரலாம். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தருகிறது. அறிவிப்பு கையில் கிடைத்ததும், என்ன தருகிறார்கள் என்ற பத்திக்கு முன்னால், இன்று இரவு என்ன செய்யவேண்டும் என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லையென்றால், வரும்வரை பொருளை அணைத்து வையுங்கள். கைப்பேசி என்றால், அணைப்பதற்கு முன் `*#06#` அழுத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுதான பேட்டரியைக் குப்பையிலும் போடாதீர்கள், சாதாரண கூரியரிலும் அனுப்பாதீர்கள். மாற்றுப் பொருளையும் பணத்தையும் ஒருசேரத் தரமுன்வந்தால், பழுதின் காரணத்தைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். 2016 செப்டம்பரில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. அன்று பணத்தை வாங்கிக்கொண்டவர்கள் இரண்டாவது முறை பயப்பட நேரவில்லை.