கொட்டுவது இன்று, காரணம் தை மாதத்திலா தீபாவளியிலா?

ஜனவரி கடைசியில் என் சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, தலைக்குக் குளிச்சா பாத்ரூம் ஜல்லடையே அடைச்சுக்குது. சீப்பைத் தொடவே பயமா இருக்கு" என்றாள். புது வீட்டுக்குக் குடிபோய் இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து போர் தண்ணீர்தான் காரணம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பாவம், அவள் கேன் தண்ணீர் வாங்கித் தலை அலசிக்கொண்டிருந்தாள்.

உதிர்ந்த முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். நுனியில் ரவையைவிடச் சிறியதாக ஒரு வெள்ளைப் புள்ளி இருப்பதாகச் சொன்னாள். அந்தப் புள்ளி இருந்தால் முடி நடுவில் ஒடியவில்லை, வேரோடு கழன்று வந்திருக்கிறது என்று பொருள். உப்புத் தண்ணீர் முடியை வறட்டி ஒடிக்கலாம். இரண்டே வாரத்தில் வேரோடு கழற்ற அதனால் முடியாது.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. எந்த நேரத்திலும் அதில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும், மீதி ஓய்வில் இருக்கும். ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் அப்படியே தலையில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுத்தான் விழும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி இப்படிப் போவது யாருக்கும் நடப்பதுதான். உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தாலோ சில மருந்துகள் உள்ளே போனாலோ, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பல ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அதன் விளைவு இரண்டு முதல் நான்கு மாதம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் காரணத்தை நாம் மறந்திருப்போம். போன வாரம் மாற்றிய ஷாம்பு மாட்டிக்கொள்ளும்.

இப்படிச் செய்யக்கூடிய மருந்துகள் அபூர்வமானவை அல்ல. வலிப்புக்கும் மனநிலைக் கோளாறுக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட், லித்தியம், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், ஹெப்பாரின், ரத்த அழுத்தத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் எழுதும் ப்ரோப்ரனலால் வகை, பருவுக்கும் தோல் நோய்க்கும் தரும் வைட்டமின் ஏ சார்ந்த மாத்திரைகள் எல்லாம் இந்த வரிசையில் வரும். கருத்தடை மாத்திரையில் விஷயம் தலைகீழ். அதை நிறுத்திய சில மாதங்களில் கொட்டும். முடி வளரத் தடவும் மினாக்சிடிலே முதல் சில வாரங்களில் கொஞ்சம் உதிர வைக்கும் என்பது இன்னொரு வேடிக்கை. ஆனால் இவற்றைச் சாப்பிடும் எல்லோருக்கும் முடி கொட்டுவதில்லை. பெரும்பாலோருக்கு எதுவும் ஆகாது. புற்றுநோய்க்கான கீமோ மருந்துகளின் கதை வேறு. அவை வளரும் முடியையே நேராகத் தாக்குவதால் ஓரிரு வாரத்திலேயே கொட்டத் தொடங்கும்.

என் தங்கையும் ப்ரோப்ரனலால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒற்றைத் தலைவலிக்காக நவம்பர் நடுவில் தொடங்கியது. நான் மருந்துப் பெயரைக் கேட்டு முடிப்பதற்குள், "அப்போ இன்னிக்கே நிறுத்திடறேன்" என்றாள். அதைத்தான் செய்யக்கூடாது. இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் படபடப்பு வரும், தலைவலியும் திரும்பலாம். இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரைகூடப் போகலாம். வால்ப்ரோயேட்டைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். வார்ஃபரினை நிறுத்தினால் ரத்தக்கட்டி மூளைக்குப் போகலாம். முடி திரும்ப வரும், இவையெல்லாம் அப்படியல்ல.

ஆகவே ஒரு அரைத்தாள் எடுத்து எழுதச் சொன்னேன். கொட்டத் தொடங்கியது எப்போது என்பது முதல் வரி. அதிலிருந்து ஆறு மாதம் பின்னால் போய், தொடங்கிய, நிறுத்திய, அளவு மாற்றிய மாத்திரை ஒவ்வொன்றும் தேதியோடு. கடையில் தானே வாங்கியது, நாட்டு மருந்து, புரோட்டீன் பவுடர் எல்லாம் சேர்த்துத்தான். பிறகு காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி கிடந்து எடை குறைத்தது. எழுதியபோதுதான் அவளுக்கே நினைவு வந்தது. அக்டோபர் தொடக்கத்தில் டெங்கு வந்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். தேதிக் கணக்கில் டெங்குவும் பொருந்துகிறது, மாத்திரையும் பொருந்துகிறது.

டாக்டரிடம் இதை எப்போது சொல்கிறோம் என்பதும் முக்கியம். நம்மில் பலர் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, கதவருகே போய், "அப்புறம் டாக்டர், முடியும் கொஞ்சம் கொட்டுது" என்போம். "டென்ஷன்மா, சத்து மாத்திரை எழுதறேன்" என்ற பதில்தான் அதற்குக் கிடைக்கும். உட்கார்ந்தவுடன் தாளை நீட்ட வேண்டும், மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோக வேண்டும். என் தங்கை மாத்திரை எழுதிய டாக்டரிடமே போனாள். கேட்டது மூன்றே கேள்வி: "இந்த மாத்திரையால இருக்குமா டாக்டர்? இதுக்கு மாற்று இருக்கா? மாத்த வேண்டாம்னா எவ்வளவு நாள் பொறுத்துப் பார்க்கலாம்?" தோல் டாக்டரிடம் போனாலும் இதே கேள்விகள்தான். ஆனால் மாத்திரையை மாற்றும் முடிவு, அதை எழுதியவரைக் கேட்ட பிறகே.

டாக்டர் நாற்பது ஐம்பது முடியைச் சேர்த்துப் பிடித்து மெல்ல இழுத்தார். எட்டு கையோடு வந்தது. ஐந்தாறுக்கு மேல் வந்தால் உதிர்வு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். வட்டமாக வழுக்கை விழுந்திருக்கிறதா, தலைத்தோல் சிவந்து வலிக்கிறதா என்று பார்த்தார். அப்படி இருந்தால் மருந்தை விட்டு வேறு நோயைத் தேட வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க எழுதினார். எழுதும்போதே கேட்டார்: "முடிக்குன்னு ஏதாவது மாத்திரை வாங்கிச் சாப்பிடறியாம்மா?" தாளில் அது இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பயோட்டின். அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில தைராய்டு பரிசோதனைகளின் முடிவு தப்பாக வரும். இல்லாத தைராய்டு நோய் இருப்பதுபோலக் காட்டிவிடும். இரண்டு நாள் அதை விட்டுவிட்டு ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

தைராய்டு சரியாக இருந்தது. ஃபெரிட்டின் 9 மட்டுமே. இரும்பு மாத்திரை தொடங்கியது. ப்ரோப்ரனலாலை டாக்டர் தொடவில்லை. மாதம் ஆறு முறை வந்த தலைவலி ஒன்றாகக் குறைந்திருந்தபோது அதை எடுக்க அவருக்கு மனமில்லை. "ரெண்டு மாசம் பார்ப்போம். டெங்குவால கொட்டினா தானா அடங்கும். அடங்கலைன்னா மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு வேற போடலாம்" என்றார்.

ஏப்ரலில், அதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, உதிர்வு பழைய அளவுக்கு வந்துவிட்டது. டெங்குவா, இரும்புக் குறைவா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மாத்திரை அல்ல என்பது மட்டும் தெளிவு. எல்லோருக்கும் இப்படி முடியாது. மருந்துதான் காரணம் என்றால், அதை மாற்றிய பிறகும் உதிர்வு நிற்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். அதற்குள் பொறுமை இழந்து எண்ணெய்க்கும் ஊசிக்கும் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அவள் நெற்றியோரம் குட்டி முடிகள் குத்திட்டு நிற்கின்றன. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அவள் பின்னல் பழைய பருமனுக்கு வர இன்னும் ஒரு வருஷமாவது ஆகும்.