40-க்கு 60 சைட்டுக்கு வேலி: எத்தனை கல் தூண், எவ்வளவு முள்கம்பி?

கோலார் தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்ட பிறகு, மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் தங்கவயலில் ஏராளம். அப்படிச் சம்பாதித்த காசில் ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் ஒரு சைட் வாங்கியாச்சு. வீடு பிறகு கட்டலாம், இப்போதைக்கு வேலி போதும் என்றால் என்ன கணக்கு?

சைட் 40 அடிக்கு 60 அடி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 200 அடி. ரோட்டுப் பக்கம் கார் நுழைய 10 அடி கேட், அதை ஒட்டியே ஆள் நடக்க 3 அடி கேட். இந்த 13 அடிக்குக் கம்பி வேண்டாம். மீதி 187 அடி. ஐந்து வரிசை என்றால் 935 அடி, அதாவது 285 மீட்டர். முனைகளில் சுற்றிக் கட்டவும் முறுக்கவும் 5 சதவீதம் சேர்த்தால் சுமார் 300 மீட்டர். கடையில் கம்பியைக் கிலோவில்தான் தருவார்கள். வாங்கப்போகும் கம்பியில் ஒரு மீட்டர் துண்டை எடை போடச் சொல்லுங்க. 100 கிராம் வந்தால் 30 கிலோ. கனம் கூடினால் கிலோவும் கூடும்.

தூண் கணக்கில்தான் பலர் தடுமாறுவாங்க. 8 அடிக்கு ஒரு தூண், 187-ஐ எட்டால் வகுத்து 24 என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் மூலையில் தூண் இல்லாமல் கம்பி திரும்பாதே! அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகப் பிரிக்கணும். 60 அடிப் பக்கத்தில் 7 இடைவெளி போட்டால் ஒவ்வொன்றும் 8 அடியைத் தாண்டிவிடும், எனவே எட்டு. இரு பக்கமும் சேர்த்து 16. பின்பக்கம் 40 அடிக்கு 5. முன்பக்கம் இடது மூலையிலிருந்து 7 அடி வேலி, பிறகு இரண்டு கேட், பிறகு 20 அடி வேலி: 1, 3 என 4 இடைவெளி. மொத்தம் 25.

வேலி ஒரு வளையம். வளையத்தில் எத்தனை இடைவெளியோ அத்தனை தூண்தான், கூட ஒன்று போட வேண்டியதில்லை. கேட்டும் ஒரு இடைவெளிதான், கம்பி இல்லாத இடைவெளி. ஆக 25-உடன் 2 கேட், 27 தூண். பக்கத்துப் பக்கத்து கேட்டுகள் நடுத்தூணைப் பகிர்ந்துகொள்வதும் இதிலேயே அடங்கிவிடும். 24 மட்டும் வாங்கியிருந்தால் மூன்று குறையும். அதற்காக இன்னொரு தடவை வண்டி வாடகை.

இதோடு முடியவில்லை. கம்பியை இழுத்துக் கட்டும்போது மூலைத் தூண் உள்பக்கம் சாயும். அதைத் தாங்க, கம்பி போகும் இரண்டு திசையிலும் சாய்வாக ஒரு முட்டுக்கல் வேண்டும்: நான்கு மூலைக்கு எட்டு. கம்பி வந்து முடியும் கேட் தூண் இரண்டுக்கும் ஒவ்வொன்று. ஆக, கடையில் கேட்க வேண்டியது 37 கல். விலை பேசும்போது இந்தப் பத்தை விட்டுவிட்டுக் குறைந்த தொகை சொல்கிறார்களா என்று பாருங்க. ஆறு மாதத்தில் கம்பி தொங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கேட் அளவை மட்டும் தூணின் நடுவிலிருந்து எடுக்காதீங்க. தூண் 4 அங்குலக் கனம் என்றால், நடுவிலிருந்து நடுவுக்கு 10 அடி வைத்த இடத்தில் உண்மையான திறப்பு 9 அடி 8 அங்குலம்தான். 10 அடி கேட் அதில் உட்காராது. கேட் செய்கிறவரிடம் கீல், தாழ்ப்பாளுக்கு எவ்வளவு விடணும் என்று முதலில் கேட்டு, தூண்களின் உள்பக்க முகத்திலிருந்து அந்த அளவை வைத்துவிட்டுப் பிறகு குழி தோண்டச் சொல்லுங்க.